குளிர் எப்படிச் சுடும்? ட்ரை ஐஸும் ஒரு பெட்டி வஞ்சிரமும்

தூத்துக்குடியிலிருந்து பெங்களூருக்கு காரில் மீன் கொண்டுபோகும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். சாதாரண ஐஸ் வழியெல்லாம் உருகி வண்டியை நாறடிக்கிறது என்று இந்த முறை ட்ரை ஐஸ் வாங்கியிருக்கிறார்கள். அவருடைய தம்பி ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறார். மறுநாள் அங்கே கொப்புளம். "இவ்வளவு குளிரான பொருள் எப்படிச் சுடும்? வண்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா, கூடாதா?" என்பது கேள்வி.

ட்ரை ஐஸ் என்பது கெட்டியான கார்பன் டை ஆக்சைடு. சோடாவில் குமிழி விடும் அதே வாயுதான். நாம் வாழும் காற்றழுத்தத்தில் அதற்குத் திரவ நிலையே கிடையாது. திரவமாக வேண்டுமென்றால் 5 மடங்குக்கும் சற்று அதிகமான அழுத்தம் வேண்டும். அதனால் கெட்டிப் பொருள் நேராக வாயுவாகிவிடுகிறது. பள்ளியில் கற்பூரத்தை வைத்துப் படித்த பதங்கமாதல்தான் இது. நடக்கும் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். நம் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18.

சரி, தம்பியின் கைக்கு வருவோம். ட்ரை ஐஸை விரல் நுனியால் லேசாகத் தட்டிவிட்டு எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விரலின் சூடு பட்டதும் அந்த இடத்தில் ஐஸ் வாயுவாகிக் கிளம்புகிறது. அந்த வாயு விரலுக்கும் ஐஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய மெத்தையாக நிற்கிறது. வாயு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உடனே ஆவியாகாமல் முத்து முத்தாக ஓடுகிறதே, அங்கும் அடியில் நீராவி மெத்தை ஒன்று இருக்கிறது. இங்கே தோசைக்கல் நம் விரல்.

இந்த மெத்தையைக் காதால் கேட்கவும் முடியும். ஒரு நாணயத்தை ட்ரை ஐஸ் மேல் அழுத்துங்கள், கீச்சென்று கத்தும். உலோகத்தின் சூட்டில் வாயு பீறிட்டு நாணயத்தைத் தூக்குகிறது. வாயு வெளியேறியதும் நாணயம் கீழே விழுகிறது, மறுபடி தூக்கப்படுகிறது. நொடிக்குப் பல நூறு முறை நடக்கும் இந்தத் துள்ளல்தான் அந்தச் சத்தம். நாணயம் நன்றாகக் குளிர்ந்ததும் சத்தம் அடங்கிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆனால் இறுக்கிப் பிடித்தால் மெத்தை நசுங்குகிறது. வாயு ஓரங்களில் பிதுங்கி ஓட, தோல் ஐஸோடு நேராக ஒட்டுகிறது. அப்போது வெப்பம் கையிலிருந்து மடமடவென்று வெளியேறும். முதலில் குத்தும் வலி, அப்புறம் மரத்துப்போகும். ஆபத்து இந்த மரத்துப்போவதில்தான். நரம்பு வேலை செய்யாததால் "பழகிவிட்டது" என்று தோன்றும். அந்த நேரத்தில் தோலின் செல்களுக்கு வெளியே இருக்கும் நீர் படிகமாகிறது, செல்களுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி அவற்றைச் சுருங்க வைக்கிறது. கை மறுபடி சூடாகும்போது அடிபட்ட சின்ன ரத்தக்குழாய்கள் கசிகின்றன, சில அடைத்துக்கொள்கின்றன. கசிந்த நீர் தோலுக்கு அடியில் தேங்கினால் கொப்புளம். சூடு பட்டாலும் குளிர் பட்டாலும் திசுவுக்கு நேரும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் புண்ணும் ஒரே மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ட்ரை ஐஸை விட, அது வைத்திருந்த எவர்சில்வர் தட்டு மோசம். தட்டு ஆவியாகாது, எனவே மெத்தையும் கிடையாது. ஈரக்கை அதில் அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோல் உரியும். வாயில் போட்டால் நிலைமை இன்னும் மோசம். 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய் மணக்கும் பொருள் என்று ட்ரை ஐஸைக் கொடுத்துவிட்டார்கள். சாப்பிட்டவர்கள் ரத்தம் கக்கி மருத்துவமனைக்குப் போனார்கள்.

கை பட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில், 37 முதல் 39 டிகிரியில், வைத்திருக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, அடுப்பருகே காட்டக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. டூத்பேஸ்ட், இங்க் வைத்தியங்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோல் வெளுத்து, மரத்துப்போன இடத்தில் உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி வண்டி. உள்ளளவு 30 லிட்டர், சுவர் 4 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு தெர்மோகோல் பெட்டியை வைத்துக் கணக்குப் போட்டேன். வெளியே 35 டிகிரி வெயில் என்றால் சுவர் வழியே உள்ளே புகும் வெப்பம் சுமார் 40 வாட். ஒரு கிலோ ட்ரை ஐஸ் வாயுவாக ஏறத்தாழ 570 கிலோஜூல் விழுங்கும், தண்ணீர் ஐஸ் உருகுவதற்கு ஆவது 334 மட்டுமே. இந்தக் கணக்கில் மணிக்குச் சுமார் கால் கிலோ கரையும். 12 மணி நேரப் பயணத்துக்கு 3 கிலோ. மூடியைத் திறப்பது, வாங்கி வரும் வழியில் கரைவது எல்லாம் சேர்த்து 5 கிலோ வாங்கலாம்.

கரைந்த கால் கிலோ எங்கே போகிறது? ஒரு கிலோ கிட்டத்தட்ட 550 லிட்டர் வாயுவாகும். அப்படியானால் மணிக்கு 125 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 20 லிட்டர் அளவில்தான் வெளிவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத ஆறு பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டதற்குச் சமம். காரின் உள்ளே 3,000 லிட்டர் காற்று என்று வையுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை உள்காற்றையே சுற்றவிடும் நிலையில் வைத்து, கசிவே இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் 4 சதவீதம் சேரும். தலைவலி, மூச்சிரைப்பு, படபடப்பு வர இது தாராளம். 10 சதவீதத்தை நெருங்கினால் நினைவு தப்பும். நிஜக் காரில் கசிவு உண்டு, ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. பெட்டி டிக்கியில் இருந்தாலும் பல வண்டிகளில் டிக்கியும் இருக்கைப் பகுதியும் ஒரே காற்றுதான். ஏ.சி.யை வெளிக்காற்றுக்கு மாற்றி, ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே தூங்காதீர்கள், குழந்தையை உள்ளே விட்டுப் போகாதீர்கள். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். கல்யாண மண்டபங்களில் மணமக்கள் காலடியில் மேகம் விடுகிறார்களே, பூட்டிய ஏ.சி. அறையில் அதற்குள் குழந்தைகளை ஓடவிடுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்த காற்றின் நீர்த்திவலைதான், வாயுவுக்கு நிறமில்லை. மேகம் கலைந்துவிட்டால் வாயுவும் போய்விட்டது என்று பொருளல்ல.

மீனை முதல் நாளே ஃப்ரீசரில் கல்லாக்கிவிடுங்கள். பெட்டியில் மீன் கீழே, நடுவில் அட்டை, ட்ரை ஐஸ் மேலே, காலி இடத்தில் கசக்கிய செய்தித்தாள். குளிர்ந்த வாயு கீழ்நோக்கி இறங்கும் என்பதால் இந்த அடுக்கு. எடுக்க இடுக்கியோ தடித்த காய்ந்த கையுறையோ வேண்டும், ஈரக் கையுறை உதவாது. மூடியைச் சும்மா வையுங்கள், சுற்றி டேப் ஒட்டாதீர்கள். தண்ணீர் பாட்டிலிலோ பிளாஸ்கிலோ போட்டுத் திருகினால் அது வெடிகுண்டு. விமானத்தில் போவதானால், நிறுவனத்தின் முன் அனுமதியோடு ஒருவருக்கு 2.5 கிலோ வரை, வாயு வெளியேறும் பெட்டியில் மட்டுமே.

போய்ச் சேர்ந்ததும் மிச்சத்தை சிங்கில் கொட்டாதீர்கள், குழாய் விரிசல் விடும். குழந்தைகளுக்கு எட்டாத மொட்டை மாடியில் வைத்தால் தானே போய்விடும். நடுவழியில் மீன் உருகி மறுபடி உறைந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. கிளம்பும்போது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் நாலைந்து சாதாரண ஐஸ் கட்டிகளைப் போட்டு, மீனுக்கு அடியில் வையுங்கள். பெங்களூரில் எடுக்கும்போது அவை தனித்தனியாக உருண்டால் மீன் பத்திரம். ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால், வழியில் எங்கோ பெட்டி பூஜ்ஜியத்தைத் தாண்டியிருக்கிறது.