14-க்கு 11 ஹால்: ஏழு போர்டா, எட்டா?

போன மழைக்காலம் முடிந்ததும் ஒரு வீட்டு ஹாலைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுவருக்குச் சுவர் குறுக்கே, நூல் பிடித்த மாதிரி இரண்டு விரிசல். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோரம் சீலிங்கை ஒட்டினாற்போலப் பிடித்து அடித்தேன். வெளிச்சம் படுத்தபடி போகும்போது மேடும் பள்ளமும் நிழலாகத் தெரிந்துவிடும். இங்கே கடல் அலை மாதிரி வரிசையாகத் தெரிந்தது.

"பில் இருக்கிறதா சார்?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் கொண்டுவந்தார். ஹால் 14 அடிக்கு 11 அடி. போர்டு 7, போர்டைத் திருகிப் பிடிக்கும் தகரச் சட்டமான சீலிங் செக்‌ஷன் 6. படித்ததுமே இரண்டு வியாதிக்கும் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு போர்டும் மூன்று செக்‌ஷனும் குறைந்திருந்தன.

"போர்டு கணக்கு சரிதானே? 154 சதுர அடி, ஒரு போர்டு 24 சதுர அடி" என்றார். ஆறரைகூட வராது, ஏழு வாங்கியிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். பரப்பை வகுத்துப் போர்டு எண்ணுவதில்தான் சிக்கலே. துணி வெட்டுகிற மாதிரிதான் இதுவும். எந்தத் துண்டு எங்கே போகிறது என்று வரைந்து பார்க்காமல் எண்ணிக்கை சொல்ல முடியாது.

வரைந்து காட்டினேன். நான் சொல்வது 6-க்கு 4 அடி, 12.5 மி.மீ. தடிமன் போர்டு. அதன் நீளப் பக்கத்தை ஹாலின் 14 அடிப் பக்கமாகப் படுக்க வைத்தால் மூன்று வரிசை வரும்: அகலத்தில் 4, 4, கடைசி வரிசை மட்டும் 3 அடி. ஒவ்வொரு வரிசையிலும் 6 + 6 + 2 என்று போட்டால், இரண்டு முழுப் போர்டு, ஒரு 2 அடித் துண்டு. மூன்று வரிசைக்கு ஆறு முழுப் போர்டு. ஏழாவதை மூன்றாக வெட்டினால் மூன்று 2 அடித் துண்டும் கிடைத்துவிடும். கச்சிதமாக ஏழு. அந்த வீட்டில் நடந்ததும் இதுதான்.

ஆனால் இப்படிப் போட்டால் மூன்று வரிசையின் இணைப்பும் 6-ஆவது அடியிலும் 12-ஆவது அடியிலும் ஒரே கோட்டில் விழும். போர்டின் நீள விளிம்பில் சற்றுத் தடிமன் குறைத்திருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் இணைப்பை மூடும் டேப்பும் ஜாயிண்ட் காம்பவுண்டும் உட்கார்ந்துவிடும். குறுக்கு விளிம்பில் அந்தப் பள்ளம் கிடையாது, அதனால் அங்கே இணைப்பு எப்போதும் பலவீனம்தான். அந்தப் பலவீனத்தை 11 அடி நீளத்துக்கு ஒரே நேர்கோட்டில் வைத்தால், ஃப்ரேம் லேசாக அசைந்தாலும் விரிசல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். செங்கல் கட்டும்போது இணைப்பை மாற்றி மாற்றி வைக்கிறோமே, இங்கேயும் அதேதான்.

சரி, மாற்றி வைத்தால்? நடு வரிசையை 3 அடித் துண்டில் தொடங்குங்கள்: 3 + 6 + 5. ஓர வரிசைகள் பழையபடி 6 + 6 + 2. முழுப் போர்டு ஐந்து. மீதி துண்டுகள் 3, 5, 2, 2. கூட்டினால் 12 அடி, இரண்டு போர்டு போதும் போலத் தோன்றும். வெட்டிப் பாருங்கள்: 5 ஒரு போர்டு, 3-ம் 2-ம் ஒரு போர்டு, மிச்சமுள்ள 2-க்கு மூன்றாவது போர்டு. ஆக எட்டு. எட்டாவதில் பெரும்பகுதி மீதியாகும், அதில் தப்பில்லை. ஏற்றும்போது ஒரு மூலை உடைந்தாலோ, விளக்கு ஓட்டை தப்பாக விழுந்தாலோ அதுதான் கைகொடுக்கும்.

இனி செக்‌ஷன். போர்டின் நீளத்துக்குக் குறுக்கே ஓடுவது இது, அதனால் இந்த ஹாலில் 11 அடிப் பக்கமாக ஓடும். ஒன்றுக்கொன்று 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. ஏன் 18? நாலு பதினெட்டு 72, அதுதான் ஆறடி. போர்டு முடிகிற இடத்தில் சரியாக ஒரு செக்‌ஷன் இருக்கும். அதன் முகமே சுமார் 2 அங்குல அகலம்தான். இந்தப் பக்கப் போர்டுக்கு ஒரு அங்குலம், அந்தப் பக்கத்துக்கு ஒரு அங்குலம். செக்‌ஷன் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் ஒரு போர்டின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். நடு வரிசையை 3 அடியில் தொடங்கச் சொன்னதும் இதனால்தான்: 36 அங்குலத்திலும் ஒரு செக்‌ஷன் இருக்கும். 2 அடியில் தொடங்கினால் கீழே எதுவும் இருக்காது.

14 அடி என்பது 168 அங்குலம். சுவரிலிருந்து 18, 36, 54 என்று போனால் 162-இல் ஒன்பதாவது செக்‌ஷன், அதற்கப்புறம் 6 அங்குலத்தில் எதிர்ச் சுவர். ஆக ஒன்பது. 12 அடி நீளத்தில் வருவதால் ஒவ்வொன்றிலும் ஓரடி வீணாகும், ஆனால் நடுவில் ஒட்டே இல்லை. அந்த வீட்டில் 2 அடி இடைவெளி விட்டிருந்தார்கள். விளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே செல்போனை உள்ளே விட்டுப் படமெடுத்தோம், அளவு டேப்பையும் நுழைத்தோம். 24 அங்குலம் காட்டியது. மூன்று இரண்டு ஆறு என்பதால் போர்டு இணைப்பு அதிலும் செக்‌ஷன் மேலேயே விழும், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் 18-20 கிலோ போர்டு, தாங்கல் இல்லாத 2 அடிக்குள் ஈரப்பதத்தில் மெல்லத் தொய்ந்துவிடும். டார்ச்சில் தெரிந்த அலை அதுதான்.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். சுவரோரம் ஓடும் பெரிமீட்டர் சேனல், சுற்றளவு 50 அடிக்கு ஐந்து. செக்‌ஷன்களைத் தூக்கிப் பிடிக்கும் இண்டர்மீடியட் சேனல் 14 அடிப் பக்கமாக, 4 அடிக்கு ஒன்றாக மூன்று ஓட்டம். சுவரிலிருந்து ஒன்றரை, ஐந்தரை, ஒன்பதரை அடியில். ஒட்டு போடும் இடத்தில் அரையடி மேலேறினாலும் நான்கு சேனல் போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 4 அடிக்கு ஒரு தொங்கல் ஆங்கிள் என்று பன்னிரண்டு. தளத்திலிருந்து சீலிங் ஓரடி இறக்கமென்றால் இரண்டு ஆங்கிளை வெட்டினால் வந்துவிடும். செக்‌ஷனும் சேனலும் சந்திக்கும் 27 இடத்திலும் கிளிப். திருகு 9 அங்குலத்துக்கு ஒன்று, 250 வைத்துக்கொள்ளுங்கள்.

இது தட்டையான சீலிங்குக்கு. சுற்றிலும் மறைவிளக்குப் பட்டை இறக்கினால் அதன் செங்குத்துப் பக்கத்துக்குத் தனிக் கணக்கு. கடைசி வரிசையில் வெட்டி எடுத்த ஓரடிப் பட்டைகள் அங்கே உதவும். ஃபேனை எந்தக் கணக்கிலும் சேனலில் மாட்டக் கூடாது. கொக்கி தளத்திலிருந்தே வரவேண்டும்.

போர்டு ஏற்றுவதற்கு முந்தின நாள் மாலை ஃப்ரேம் திறந்து கிடக்கும். அப்போது செக்‌ஷன்களை எண்ணி, டேப் பிடித்து, நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் அப்படி ஒரு படம்கூட இல்லை. கடைசியில் ஏழு போர்டையும் கழற்றினோம், ஒன்றுகூட முழுசாக இறங்கவில்லை.