அக்காவும் தங்கையும் கனவில் ஏன் மறுபடி சின்னப் பிள்ளைகள் ஆகிறார்கள்?

அயனாவரத்திலிருந்து 52 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அம்மா யார் வீட்டில் இருப்பது என்று வேளச்சேரியில் இருக்கும் தங்கையோடு போனில் பேசியிருக்கிறார். சண்டை ஏதும் இல்லை. "சரி, நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மறுநாள் விடியற்காலையில் ஒரு கனவு. சின்ன வயதில் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீடு, வாசலில் அடிபம்பு, வரிசையாகக் குடங்கள். தங்கை இவருடைய குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைக்கிறாள். இவர் கத்துகிறார். அம்மா வந்து, "நீதானே பெரியவ, விட்டுக்கொடு" என்கிறார். கனவில் வந்த தங்கைக்கு முகம் மட்டும் அலுவலகத் தோழியின் முகம். ஆனாலும் அது தங்கைதான் என்பதில் இவருக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. "விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே, நாங்கள் பிரிந்துவிடுவோமா?" என்று கேட்கிறார்.

விடியற்காலை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தூங்கும்போது விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு என்று 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் கண்டு சொன்னார்கள். இதை ரெம் தூக்கம் என்கிறோம். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இது வரும். இரவில் முதல் தடவை சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடியும் நேரத்தில் அரை மணி நேரம்கூட நீளும். கோவையான, உணர்ச்சி மிகுந்த கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. அப்போதே விழித்துக்கொள்வதால் அவை நினைவிலும் நிற்கின்றன. விடியற்காலைக் கனவுக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதைக்கு இதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன். கனவுப் பலன் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கூடப்பிறந்தவளிடம் ஒரு மாதம் பேசாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

இனி அடிபம்புக்கு வருவோம். நடந்தது போன் பேச்சு. கனவில் போன் இல்லை, கண்புரையும் இல்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய குடம் எங்கிருந்து வந்தது?

ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 29 பேர் இரண்டு வாரம் பகலில் செய்ததையும் இரவில் கண்ட கனவையும் எழுதிவைத்தார்கள். மொத்தம் 299 கனவுகள். அவற்றில் பாதிக்கும் மேலானவற்றில் பகல் வாழ்க்கையின் ஏதோ ஒரு துணுக்கு இருந்தது. ஆனால் நடந்த சம்பவம் அதே இடம், அதே ஆட்கள், அதே செயலோடு அப்படியே திரும்பி வந்த கனவுகள் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான்.

இதற்கு மூளையின் வேதியியலில் ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 'நேற்று மாலை, இந்த அறையில், இவரோடு, இது நடந்தது' என்று ஒரு சம்பவத்தின் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிவைப்பது ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி. அந்தச் சம்பவங்களிலிருந்து வருடக்கணக்கில் வடிந்த சாரம், அதாவது யார் எப்படிப்பட்டவர், எது எதோடு சேரும் என்ற பொது அறிவு, மூளையின் மேற்புறணியில் பரவிக் கிடக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் குறைந்திருக்கும். அப்போது ஹிப்போகாம்பஸ் மேற்புறணிக்குத் தாராளமாகச் செய்தி அனுப்பும். ரெம் தூக்கத்தில் அசிட்டைல்கோலின் ஏறிவிடும். அந்தப் போக்குவரத்து நெருக்கப்பட்டுவிடும். அப்போது கதை கட்டும் வேலை மேற்புறணியின் கைக்கு வருகிறது. அதனிடம் நேற்றைய போன் பேச்சின் முழுப் பதிவு இல்லை. அதில் இருந்த உறவும் உணர்ச்சியும்தான் இருக்கின்றன.

அந்த நேரத்தில் மேற்புறணி வழக்கமான பாதையிலும் போவதில்லை. 1999-ல் ஸ்டிக்கோல்டும் கூட்டாளிகளும் தூங்குபவர்களை எழுப்பி, கண் விழித்த கையோடு திரையில் சொற்களைக் காட்டிச் சோதித்தார்கள். சாதாரணமாக 'சூடு' என்று காட்டினால் அடுத்து வரும் 'குளிர்' சட்டென்று பிடிபடும். 'திருடன்' என்று காட்டினால் 'தவறு' என்பதற்குக் கொஞ்சம்தான் உதவி கிடைக்கும். ரெம் தூக்கத்திலிருந்து எழுப்பியவர்களிடம் இது தலைகீழானது. தூரத்துத் தொடர்புகள் நெருங்கிய தொடர்புகளை விட அதிகம் உதவின.

இரண்டையும் வாசகியின் கனவில் பொருத்திப் பாருங்கள். போன் பேச்சில் மிஞ்சியது 'தங்கையோடு பங்கு, விட்டுக்கொடுக்க வேண்டியவள் நான்' என்ற சாரம். அது தூரத்துத் தொடர்பு ஒன்றைத் தேடிப் போகிறது. அந்தச் சாரம் முதன்முதலில் உருவான இடமும், ஆயிரம் தடவை பழகிய இடமும் அடிபம்பு வரிசைதான். பெரியவள், சின்னவள், தீர்ப்புச் சொல்லும் அம்மா என்ற மூன்று வேடங்களும் அங்கே தயாராக இருக்கின்றன. இந்தப் பொருத்தம் என் ஊகம்தான். ஒரு தனிக் கனவை இப்படிச் சோதித்து நிரூபிக்க வழி இல்லை. ஆனால் இது மனதில் ஒளிந்திருக்கும் வெறுப்பு என்று சொல்வதை விட, கிடைத்திருக்கும் ஆதாரங்களோடு இந்த விளக்கம் நன்றாக ஒத்துப்போகிறது.

முகம் மாறியதும் இதனால்தான் இருக்க வேண்டும். கனவில் வந்தவர் யார் என்று எப்படித் தெரிந்தது என்று 2000-ல் ஓர் ஆய்வில் கேட்டபோது, முகத்தை வைத்து என்று சொன்ன அளவுக்கு, 'சும்மாவே தெரிந்தது' என்றும் சொன்னார்கள். கனவில் உறவு முதலில் வந்துவிடுகிறது, முகம் கிடைத்ததைப் போட்டுக்கொள்கிறது. 'இது என் தங்கை முகம் இல்லையே, எனக்கு வயது 52 ஆச்சே' என்று குறுக்குக் கேள்வி கேட்க வேண்டிய நெற்றிப் பக்கவாட்டு மூளை ரெம் தூக்கத்தில் மந்தமாகிவிடுகிறது. உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலாவோ சுறுசுறுப்பாகிவிடும். 1990-களின் நடுவில் மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் கனவில் கோபம் முழு அளவில் வருகிறது, நிதானம் வருவதில்லை. சண்டைக் கனவு அபூர்வமும் இல்லை. ஹாலும் வான் டி காசிலும் 1966-ல் தொகுத்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கனவுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் ஏதாவது ஒரு மோதல் இருந்தது.

இந்த எண்கள் எல்லாம் விடுதி அறையில் தனியே தூங்கும் மாணவர்களிடமிருந்தும் அவர்களைப் போன்றவர்களிடமிருந்தும் வந்தவை. ஒரே பாயில் நான்கு பேர் படுத்து வளர்ந்தவர்களின் கனவில் கூடப்பிறந்தவர்கள் எப்படி வருகிறார்கள் என்று சென்னையிலேயே பெரிய அளவில் பார்க்கலாம். நோட்டுப் புத்தகமும், வரும் கனவுகளைப் பொறுமையாகத் தமிழில் வகைப்படுத்த நாலு மாணவர்களும் போதும். கோடிக்கணக்கில் கருவி வாங்கினால்தான் ஆராய்ச்சி என்று நினைக்கும் நிதிக் குழுக்கள் இதற்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.

வாசகி தன் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார்: கனவில் கத்தியது நிஜத்திலும் வாய்விட்டு வந்து, கணவர் எழுந்துவிட்டாராம். எப்போதாவது ஒருமுறை என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் ரெம் தூக்கத்தில் கை கால் தசைகளைத் தளரவைத்துக் கட்டிப்போட மூளைத்தண்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிலருக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல், அந்த ஏற்பாடு பழுதாகிவிடும். அப்போது கனவில் விடும் அடி பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். அடையாளம் இதுதான்: பெரும்பாலும் இரவின் பின்பாதியில் நடக்கும், எழுப்பினால் உடனே தெளிந்து கனவைக் கோவையாகச் சொல்வார்கள். இப்படி அடிக்கடி கை ஓங்குவது, உதைப்பது, கட்டிலிலிருந்து விழுவது நடந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு இரவு தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்து, தாடைத் தசையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து உறுதிப்படுத்துவார்கள். இவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் வருவதால், இதை வெறும் கனவு என்று விடக்கூடாது.