மொட்டை மாடித் தொட்டி: எது சுடும், எது எப்படிப் பழுதாகும்

மே மாதச் சென்னையில் மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. பழி உடனே பிளாஸ்டிக் தொட்டியின் மேல் விழும். அதற்கு முன் ஒரு பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். அரை பக்கெட்டுக்குப் பிறகு சூடு தணிந்தால் அது தொட்டியின் வேலை இல்லை, மாடி வெயிலில் கிடக்கும் குழாயின் வேலை. ஓர் அங்குலக் குழாயில் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதைத் துணி சுற்றியோ பலகை போட்டோ மறைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

பக்கெட் நிறைந்தும் சூடு குறையவில்லையா? அப்போதுதான் தொட்டியைக் கணக்குப் பார்க்க வேண்டும். 1000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற, ஒரு யூனிட் மின்சாரத்தைவிடச் சற்று அதிகமான ஆற்றல் வேண்டும். கோடையில் மாடியின் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சுமார் 6 யூனிட் வெயில் விழுகிறது. கறுப்புத் தொட்டி அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். தண்ணீருக்குள் 5 யூனிட் இறங்கியது என்று வைத்துக்கொண்டால், நிறைந்த தொட்டியில் ஏறுவது நாலு டிகிரிதான். ஆனால் கால் தொட்டி, அதாவது 250 லிட்டர் மட்டும் இருந்தால் அதே வெப்பம் 17 டிகிரி ஏற்றும். கொஞ்சம் காற்றோடு போனாலும் 30 டிகிரித் தண்ணீர் 40-ஐத் தாண்டிவிடும். ஆக, காலை ஒன்பது மணிக்கு முன் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைப்பது எந்தப் பொருளிலான தொட்டிக்கும் நல்ல வைத்தியம். அதற்கு அடுத்தது வெள்ளை நிறம்.

காங்கிரீட் தொட்டியில் கதை கொஞ்சம் வேறு. நாலு அங்குலச் சுவருள்ள 1000 லிட்டர் தொட்டியின் சுவரே 250, 300 லிட்டர் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் மதியம் தண்ணீர் இதமாக இருக்கும். ஆனால் வாங்கிய சூட்டைச் சுவர் மெதுவாக விடுவதால் சாயங்காலக் குளியலில் அது தெரியும். எவர்சில்வர் தகடு பளபளப்பாக இருக்கும்வரை வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். தாண்டி வந்த சூட்டை மெல்லிய தகடு சட்டென்று தண்ணீருக்குக் கொடுத்துவிடும்.

சூட்டுக்கும் சுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. தண்ணீர் சூடானால் அதிலுள்ள குளோரின் வேகமாகக் குறையும், கிருமிகளுக்குத் தடை போகும். பாசிக்கோ வெளிச்சம் வேண்டும். மூடியைக் கொஞ்சம் தூக்கி, தலைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே பாருங்கள். பிளாஸ்டிக் சுவர் லேசாக ஒளிர்ந்தால் அங்கே பாசி வரும். வெளியே வெள்ளை, நடுவில் கறுப்பு, உள்ளே வெள்ளை என்ற மூன்று அடுக்குக்கு அர்த்தம் இதுதான்: வெள்ளை வெயிலைத் திருப்பும், கறுப்பு வெளிச்சத்தை மறைக்கும், உள் வெள்ளை அழுக்கைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் எத்தனை அடுக்கு என்று அடுக்கிக்கொண்டே போவது பெரும்பாலும் விற்பவர் சாமர்த்தியம்.

காங்கிரீட்டில் வெளிச்சம் புகாது. ஆனால் சொரசொரப்பான சுவரிலும் மூலைகளிலும் வழவழப்பு ஒட்டிக்கொள்ளும், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். புதுத் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் கரையும் என்பதால் சில முறை நிரப்பிக் கொட்டிவிட்டுப் புழங்க வேண்டும். கழுவச் சுலபமானது எவர்சில்வர்தான்.

ஆனால் அந்த எவர்சில்வருக்கு ஒரு பலவீனம் உண்டு: உப்பு. வழக்கமான 304 ரகம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரைதான் நிம்மதியாகத் தாங்கும் என்பது துறையில் உள்ள பொது அளவுகோல். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1000 மில்லிகிராம் வரை குடிக்கலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலை. ஆக, நாம் குடிக்கிற போர் தண்ணீரே தகட்டில் ஊசித் துளை போடலாம். முதலில் வெல்டிங் ஓரத்தில் பழுப்புப் புள்ளி தெரியும். கடற்கரைப் பக்கம் வாங்குகிறவர்கள் 316 ரகத்தைக் கேட்க வேண்டும். காந்தம் வைத்துச் சோதிப்பதை நம்ப வேண்டாம். 304-ல் காந்தம் ஒட்டாது, ஆனால் அதைவிட மட்டமான 200 வரிசை ரகத்திலும் ஒட்டாது.

பிளாஸ்டிக்குக்கு 10, 15 வருடம் சொல்லலாம். புற ஊதாக் கதிர் அதை நொறுங்கவைக்கும், என்றாலும் விரிசல் பெரும்பாலும் தொடங்குவது குழாய் சேரும் இடத்தில். தாங்கல் இல்லாத குழாய் தன் எடையால் அங்கே இழுக்கும். அடியில் முழுத் தளம் இல்லாமல் இரண்டு கட்டைமேல் வைத்தாலும் வயிறு தொங்கிவிடும்.

ஒழுங்காகக் கட்டிய காங்கிரீட் தொட்டி 30 வருடத்தைத் தாண்டும். அது முதலில் கெடுவது தண்ணீர் நிற்கும் இடத்தில் இல்லை, மேல் மூடும் ஸ்லாபின் அடிப்பக்கத்தில். குளோரின் கலந்த ஈரம் அங்கேதான் வேர்த்துக்கொண்டே இருக்கும், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, காங்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். தொட்டி கழுவும்போது தலைக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புக் கோடு தெரிந்தால் அப்போதே கொத்திப் பூச வேண்டியதுதான்.