மூன்று மில்லிமீட்டர் விரிசல்

1 மீட்டர் அகலமும் 10 மி.மீ. தடிமனும் கொண்ட ஒரு எஃகுத் தகடு. 4340 எனப்படும் வகை. கடினப்படுத்தியபின் 260 டிகிரி செல்சியஸில் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்தியது. ஓர் அலகு பரப்பில் விழும் விசையான தகைவு 1640 மெகாபாஸ்கலை எட்டும்வரை இது நிரந்தரமாக நீளாது. அந்த எல்லைக்கு இளகு தகைவு என்று பெயர். நாம் 700 மெகாபாஸ்கலில்தான் இழுக்கிறோம். ஆனால் நடுவில், இழுவைக்குக் குறுக்காக, 3.3 மி.மீ. நீளத்துக்கு ஒரு விரிசல் தகட்டை ஊடுருவி நிற்கிறது. அது தின்ற பரப்பு ஆயிரத்தில் மூன்று பங்குதான். ஆனாலும் தகடு படாரென்று இரண்டாகிவிடும். ஏன்?

விரிசலின் நுனியில் விசை குவிகிறது என்பது உண்மைதான். ஆனால் அதுவே முழு விடையாகாது. நுனி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு தகைவு என்று 1913இல் பொறியாளர் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டினார். அதை மட்டும் நம்பினால், கூரிய விரிசல் உள்ள எதுவும் மிகச் சிறிய சுமையிலேயே உடைய வேண்டும். கீறல் விழுந்த கண்ணாடிகள் உடையாமல் இருக்கின்றனவே!

1921இல் இன்னொரு பொறியாளர் கிரிஃபித் கேள்வியையே மாற்றினார்: விரிசல் இன்னும் சற்று நீண்டால் ஆற்றலில் வரவு என்ன, செலவு என்ன? இழுபட்ட தகட்டில் ஆற்றல் தேங்கியிருக்கிறது. விரிசல் இரட்டிப்பானால் விடுபடும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. புதிய பரப்பை உண்டாக்கும் செலவோ இரண்டு மடங்குதான். ஒரு நீளத்தைத் தாண்டியதும் வரவு செலவை மிஞ்சும். அதன்பின் விரிசலுக்கு வெளியுதவி வேண்டாம்.

எஃகில் செலவின் பெரும்பகுதி, நுனியைச் சுற்றி உலோகம் இளகி நெளிவதற்கே போகிறது. அதையும் சேர்த்து இயற்பியலாளர் இர்வின் தந்த அளவுகோல்:

K = σ√(πa)

σ என்பது தகைவு, a என்பது விரிசலின் பாதி நீளம். K ஒரு எல்லையைத் தொட்டதும் விரிசல் ஓடுகிறது. அந்த எல்லைதான் முறிவுத் தாங்குதிறன். நம் எஃகுக்கு அது சுமார் 50 (மெகாபாஸ்கல் √மீட்டர்). 700ஐப் போட்டால் a = 1.62 மி.மீ.; முழு நீளம் சுமார் 3.25 மி.மீ. நம் 3.3 மி.மீ. விரிசல் அதைத் தாண்டிவிட்டது. அப்போது நுனியில் இளகும் பகுதி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே. சுற்றியுள்ள தடித்த உலோகம் அதை நெளிய விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. தகடு முழுவதும் இளகுவதற்கு வெகு முன்பே உடைவது இதனால்தான்.

அதே எஃகை 425 டிகிரியில் பதப்படுத்தினால் இளகு தகைவு 1420ஆகக் குறையும், தாங்குதிறனோ சுமார் 87ஆக உயரும். அதே 700இல் இப்போது கிட்டத்தட்ட 10 மி.மீ. விரிசலைத் தாங்கும். வலிமையில் ஏழில் ஒரு பங்கைக் கொடுத்து மூன்று மடங்கு விரிசலைப் பொறுக்கும் குணத்தைப் பெறுகிறோம். எனக்கு இது மிக நல்ல பேரமாகவே படுகிறது: சோதனையில் 3 மி.மீ. விரிசல் கண்ணுக்குத் தப்பலாம், 10 மி.மீ. தப்புவது கடினம்.

இப்படி உடைந்த தகட்டின் இரு பாதிகளையும் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய அப்படியே பொருந்தும், விளிம்பு மெலிந்திருக்காது. உடைந்த முகத்தில் பல சமயம் V வடிவக் கோடுகள் வரிசையாகத் தெரியும். அவற்றின் கூர்முனைகள் காட்டும் திசையில் பின்னோக்கிப் போனால் அந்தச் சிறு விரிசலில் வந்து நிற்போம்.