1.5x-இல் பார்ப்பவர் எந்த இடத்தில் 1x-க்குத் திரும்புகிறார்?

நாற்பது நிமிட விளக்க வீடியோவை ஒருவர் 1.5x-இல் பார்த்தால், பேசுபவர் மெதுவாகப் பேசுகிறார் என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது தவறான முடிவு. வீடியோவைத் திறந்ததுமே 1.5x வைப்பவர் எல்லா வீடியோவையும் அப்படித்தான் பார்க்கிறார். அது அவருடைய பழக்கத்தைக் காட்டுகிறதே தவிர, உங்கள் வீடியோவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் அவர் வேகத்தை மாற்றுகிறாரே, அந்த நொடிதான் வீடியோவின் நடையைப் பற்றிப் பேசுகிறது. அதிலும், 1.5x-இல் வந்துகொண்டிருந்தவர் 1x-க்கு இறங்கும் நொடி மிகவும் கவனிக்க வேண்டியது.

வேகத்தைக் கூட்டும்போது ஒலிக்கு என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பழைய டேப்பை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று ஆகிவிடும். இன்றைய பிளேயர்கள் அப்படிச் செய்வதில்லை. ஒலியைச் சில பத்து மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று அலை பொருந்தும் இடமாகப் பார்த்து மேலே மேலே ஒட்டி, நடுவில் திரும்பத் திரும்ப வரும் அலைகளைக் கழித்துவிடுகின்றன. அதனால் நேரம் குறைகிறது, சுருதி மாறுவதில்லை. நெடிலும் மௌனமும் இப்படிக் குறைந்தாலும் காதுக்குப் பெரிய இழப்பில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, பாட வீடியோவை 2x வரை ஓட்டினாலும் புரிதல் பெரிதாகக் குறையவில்லை, 2.5x-இல்தான் தெளிவாகச் சரிந்தது என்று கண்டது.

ஆக, 1.5x என்பது காதுக்குத் தாங்கும் வேகம்தான். அப்படியிருந்தும் ஒருவர் நடுவில் 1x-க்கு இறங்குகிறார் என்றால், திணறியது காது இல்லை. ஒரு வீடியோவுக்கு இரண்டு நடை உண்டு: பேச்சு எவ்வளவு வேகமாக வருகிறது என்பது ஒன்று, புதிய விஷயம் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது இன்னொன்று. வேகப் பொத்தான் இரண்டையும் ஒரே விகிதத்தில் கூட்டுகிறது. பார்ப்பவரோ, புதிதாக ஒன்றும் வராத பகுதியை வைத்துத் தன் வேகத்தைத் தீர்மானித்துக்கொள்கிறார். அந்த வேகத்திலேயே புதிய விஷயம் நெருக்கமாக வரும் இடத்தில் போய் முட்டுகிறார்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்ப எவ்வளவு நேரமாகும், உபரி நீரை எப்போது அடையாற்றில் திறக்க வேண்டியிருக்கும் என்று விளக்கும் 40 நிமிட வீடியோ. முதல் ஆறு நிமிடம் ஏரியின் வரலாறு, கரை, மதகு. நாற்பது நொடிக்கு ஒரு புதிய செய்தி வந்தால் அதிகம். இங்கே 1.5x சுகமாகப் போகிறது. பதினான்காவது நிமிடத்தில் கணக்கு வருகிறது. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, இப்போதைய இருப்பு 3,300, வரத்து 5,000 கனஅடி, ஆகவே ஏறத்தாழ 19 மணி நேரத்தில் நிரம்பும் என்று பேசுபவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். எல்லாம் 12 நொடி.

அந்த 12 நொடிக்குள் கேட்பவர் செய்ய வேண்டிய வேலையைப் பாருங்கள். முதலில் கழித்தல்: இன்னும் 345 மில்லியன் கனஅடிக்கு இடம் இருக்கிறது. கோடியில் எண்ணிப் பழகியவர் அதை 34.5 கோடி என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அதை 5,000-ஆல் வகுத்தால் 69,000 வரும், ஆனால் அது நொடிக் கணக்கு. 3,600-ஆல் வகுத்தால்தான் 19 மணி 10 நிமிடம். இத்தனைக்கும் நடுவில் ஒரு பொறி வேறு இருக்கிறது. செய்திகளில் ‘இருப்பு இத்தனை கனஅடி, வரத்து இத்தனை கனஅடி’ என்று இரண்டுக்கும் ஒரே அலகைச் சொல்லிச் சொல்லி, வரத்து என்பது நொடிக்கு இத்தனை என்பதே காதிலிருந்து நழுவிவிட்டது. 5,000 கனஅடியை மொத்த அளவாக நினைத்தவருக்கு 19 மணி நேரம் எங்கிருந்து குதித்தது என்று புரியாது. 1.5x-இல் பார்ப்பவருக்கு இதற்கெல்லாம் கிடைப்பது 8 நொடி. அவர் ரீவைண்ட் செய்கிறார், வேகத்தை 1x-க்குக் குறைக்கிறார்.

இதைப் பிடிக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. உங்கள் சொந்தப் பக்கத்தில் வீடியோவை வைத்திருந்தால், வேகம் மாறும்போதும், பார்ப்பவர் வேறு இடத்துக்குத் தாவி முடித்தபோதும் பிரவுசரே தகவல் சொல்லும்:

```
const v = document.querySelector("video");
const note = (e) =>
  console.log(e.type, v.currentTime, v.playbackRate);
v.addEventListener("ratechange", note);
v.addEventListener("seeked", note);
```

இங்கே `console.log` இருக்கும் இடத்தில் உங்கள் சர்வருக்கு அனுப்பும் வரியைப் போட்டுக்கொள்ள வேண்டும். யூடியூப் பிளேயரைப் பக்கத்தில் பதித்திருந்தால் வேக மாற்றத்துக்கு `onPlaybackRateChange` இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவின் பார்வையாளர் தக்கவைப்பு வளைவும் துணைக்கு உதவும். பலர் திரும்பத் திரும்பப் பார்த்த இடம் அதில் மேடாக நிற்கும்.

தகவல் வந்ததும் அப்படியே எண்ணிவிடக் கூடாது. மூன்று திருத்தம் செய்தாக வேண்டும். வீடியோ தொடங்கிய முதல் நிமிடத்தில் நடக்கும் மாற்றங்கள் பழக்கத்தின் வேலை, அவற்றை ஒதுக்கிவிடுங்கள். அடுத்து, எண்ணிக்கையை அந்த நிமிடத்தில் மிச்சமிருப்பவர்களால் வகுக்க வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் 800 பேர் இருந்து 96 பேர் வேகத்தைக் கூட்டினார்கள், 31-வது நிமிடத்தில் 200 பேர் இருந்து 30 பேர் கூட்டினார்கள் என்று வைத்துக்கொண்டால், வெறும் எண்ணைப் பார்ப்பவர் மூன்றாவது நிமிடத்தை வெட்ட உட்காருவார். உண்மையில் முன்னது 12 சதவீதம், பின்னது 15. பின்னதில் இருப்பவர்கள் அரை மணி நேரம் உங்களோடு பொறுமையாக வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சலிப்பு அங்கேதான் கூடுதல்.

மூன்றாவது திருத்தம்தான் அதிகம் பேர் தவறவிடுவது. கை எப்போதும் மனதுக்குப் பின்னால்தான் வரும். சலித்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேகத்தைக் கூட்டுவார், அதனால் தொய்வு அவர் பொத்தானை அழுத்திய இடத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். 1.5x-இல் நான்கு நொடி தாமதித்தால் வீடியோவில் ஆறு நொடி ஓடிவிடுகிறது. குழம்பியவர் கதை வேறு. ‘19 மணி நேரம்’ என்ற விடை வந்த பிறகுதான் தனக்குப் புரியவில்லை என்பதே அவருக்குத் தெரிகிறது. ஆகவே அவர் ரீவைண்ட் அழுத்திய இடத்தை விட்டுவிட்டு, பின்னால் போய் இறங்கிய இடத்தைப் பாருங்கள். `seeked` தரும் `currentTime` அதுதான். பலர் ‘வரத்து 5,000 கனஅடி’ என்ற சொற்களுக்குச் சற்று முன்னால் போய் இறங்கினால், நோய் கணக்கில் இல்லை, அலகில் இருக்கிறது.

வேகம் குறைவதையும் ரீவைண்டையும் சேர்த்துப் படித்தால் காரணம் இன்னும் தெளியும். இரண்டும் ஒன்றாக வந்தால் விஷயம் நெருக்கமாக இருக்கிறது. ரீவைண்ட் மட்டும் வந்து வேகம் மாறாவிட்டால் ஒரு சொல்லோ எண்ணோ காதில் விழவில்லை, அவ்வளவே. அதற்கு அந்த எண்ணைத் திரையில் எழுதிவிட்டாலே போதும். வேகம் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் ஒலிப்பதிவைச் சந்தேகிக்கலாம். எதிரொலி அடிக்கும் அறையில் பதிந்த பேச்சும், பின்னணி இசை மேலேறிய பேச்சும் 1x-இல் சமாளித்துக்கொள்ளும், 1.5x-இல் குழைந்துவிடும்.

எந்த மாற்றமும் இல்லை என்பதைத் திருப்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. டிவி ரிமோட்டில் வேகத்தை மாற்ற நான்கைந்து முறை அழுத்த வேண்டும். கடற்கரை–தாம்பரம் ரயிலில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நிற்பவரும் மெனுவுக்குள் போகமாட்டார். புரியாமலே பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது மூடிவிடுவார். டிவி, கைபேசி, கணினி மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது இதனால்தான்.

பேச்சின் வேகத்தை அளப்பதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கில அளவுகோல் இங்கே செல்லாது, நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளுபவை. எழுத்தை எண்ணுங்கள், ஆனால் புள்ளி வைத்த மெய்யை விட்டுவிடுங்கள். ‘செம்பரம்பாக்கம்’ என்பதில் செ, ப, ர, பா, க என ஐந்து. ஒரு நிமிடப் பேச்சை, பேசியது பேசியபடியே எழுதி, இப்படி எண்ணி 60-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை ஒலி என்று வந்துவிடும். ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று எழுத்துத் தமிழில் வாசிப்பவர் எட்டு ஒலி செலவழிக்கிறார். அதையே ‘வந்துட்டிருக்கு’ என்று பேசுபவருக்கு ஐந்து போதும். இருவரும் ஒரே வேகத்தில் வாயசைத்தாலும் முன்னவரிடம் விஷயம் மெதுவாக வருகிறது. எழுதி வைத்து வாசிக்கும் வீடியோவில் மட்டும் வேகத்தைக் கூட்டுபவர்கள் அதிகமிருந்தால், வெட்டுவதற்கு முன் அந்த நடையைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள்.

இனி திருத்தம். பலர் 1x-க்கு இறங்குகிறார்கள் என்று கண்டு முழு வீடியோவையும் 15 சதவீதம் நிதானமாகப் பேசினால் ஒன்றும் நடக்காது. 1.5x-இல் பார்த்தவர் 1.75x-க்குப் போவார், கணக்கு மறுபடி அதே வேகத்தில் அவர்மேல் வந்து விழும். தொய்வான இடத்தை இறுக்குவதும் நெருக்கமான இடத்தைத் தளர்த்துவதும் சேர்ந்து நடக்க வேண்டும். நம் வீடியோவில் முதல் ஆறு நிமிடத்தை நான்காக்கலாம். மிச்சமான இரண்டு நிமிடத்தில் ஒன்றைக் கணக்குக்குக் கொடுத்தாலே 12 நொடி 72 நொடியாகிறது. ‘நொடிக்கு 5,000 கனஅடி’ என்று ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்ல வேண்டும். கழித்தல், கோடி, நொடி, மணி நான்கும் ஒவ்வொரு வரியாகத் திரையில் இறங்க வேண்டும்.

வரைபடத்தை 1.5x பார்வையாளரை மனதில் வைத்தே திரையில் நிறுத்திவையுங்கள். படிக்க ஆறு நொடி பிடிக்கும் பலகை ஒன்பது நொடி நின்றால்தான் அவருக்கு ஆறு கிடைக்கும். அந்த உபரி மூன்று நொடியை மௌனமாக விட்டால் 1x-இல் பார்ப்பவருக்குச் சலிக்கும், பலகையில் இருக்கும் ஒரு வரியையே குரலில் வேறு விதமாகச் சொல்லிவிடலாம்.

மாற்றிய பதிப்பை ஏற்றிய பிறகு பார்க்க வேண்டியது சராசரி வேகத்தை இல்லை. அது கூடக்கூடச் செய்யலாம், தவறில்லை. 1.5x-இல் உள்ளே வந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து, கணக்குப் பகுதியை வேகத்தைத் தொடாமலும் ரீவைண்ட் செய்யாமலும் எத்தனை சதவீதம் பேர் கடந்தார்கள் என்று பழைய பதிப்போடு ஒப்பிடுங்கள். அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் முப்பது நாற்பது பேர்தான் என்றால், இரண்டு மூன்று பேர் விரல் அசைந்தாலே சதவீதம் ஆடிவிடும். சில நூறு பேர் சேரும்வரை அடுத்த வெட்டில் கை வைக்க வேண்டாம்.