புற்றுநோய் சிகிச்சைக்கு ரயிலில் வருகிறீர்களா? மொபைலில் டிக்கெட் போடாதீர்கள்

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் அவருடைய மகனும் 21 நாளுக்கு ஒருமுறை கீமோவுக்கு சென்னை வருகிறார்கள். மொத்தம் ஆறு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு வந்தபோது பயணச் செலவு பற்றிப் பேச்சு வந்தது. மகன் மொபைலை எடுத்துக் காட்டினார். பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர், இரண்டு பேருக்கும் முழுக் கட்டணம். "சலுகை எல்லாம் கொரோனாவோட நிறுத்திட்டாங்களே மேடம்" என்றார்.

மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கும் நான் இதை வாராவாரம் கேட்கிறேன். 2020 மார்ச்சில் ரயில்வே நிறுத்திய பட்டியலில் மூத்த குடிமக்கள் சலுகை இருந்தது உண்மைதான். ஆனால் மாணவர்கள், மாற்றுத்திறனாளிகளில் நான்கு பிரிவினர், நோயாளிகளில் 11 பிரிவினர் ஆகியோருக்கான சலுகை அன்றும் நிற்கவில்லை. அந்தப் பதினொன்றில் புற்றுநோயும் ஒன்று. ஆன்லைனில் அந்தச் சலுகை தெரியாததால்தான் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அதை முன்பதிவு கவுண்டரில் மட்டும்தான் வாங்க முடியும்.

எவ்வளவு குறையும் என்று அந்தத் தம்பிக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வருபவர் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. கணக்குக்காக ஸ்லீப்பர் அடிப்படைக் கட்டணத்தை 360 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுக் கட்டணம் 20, சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் 30, இவை இரண்டிலும் சலுகை கிடையாது, கட்டியே ஆக வேண்டும். ஆக அம்மாவுக்கு 50 ரூபாய், மகனுக்கு 90 சேர்த்து 140 ரூபாய், இரண்டு பேருக்கும் 190. அவர் இதுவரை கொடுத்து வந்தது 820! தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கீமோ முடிந்த உடம்போடு ராத்திரி முழுக்க ஸ்லீப்பரில் போவது கஷ்டம் என்று சிலர் இரண்டடுக்கு ஏசிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நோயாளிக்கும் துணைக்கும் சலுகை பாதிதான். மூன்றடுக்கு ஏசி என்றால் நோயாளியின் அடிப்படைக் கட்டணம் பூஜ்ஜியம். முடிந்தால் அதையே எடுங்கள். பகல் ரயிலில் ஏசி சேர் கார் என்றால் இரண்டு பேருக்குமே 75 சதவீதம்.

அப்புறம் ஆவணம். நிறையப் பேர் கவுண்டரிலிருந்து திரும்பி வருவது இங்கேதான். பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவரின் லெட்டர்பேடில் எழுதிய கடிதம், எதுவும் செல்லாது. இந்தச் சலுகைக்கென்று ரயில்வேக்குத் தனிப் படிவம் இருக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவமனையில்தான் அதை நிரப்பி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டும். எங்கிருந்து எங்கே பயணம் என்று ஸ்டேஷன் பெயர்கள் அதில் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் நீங்கள் ரயில் ஏறும் ஸ்டேஷனின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் பெயர், இனிஷியல், வயது எல்லாம் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கட்டும். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் அங்கேயே இன்னொரு முறை வைக்கச் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டு அதற்காகத் திரும்பி வர முடியாது. இரண்டு மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பயணத்தின்போது அதையும் இருவரின் அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

தட்கலில் சலுகை இல்லை, வந்தே பாரத்திலும் இல்லை. ரயிலில் ஏறிய பிறகு டிடிஇயிடம் சான்றிதழைக் காட்டிக் கேட்கவும் முடியாது. ஸ்லீப்பரில் சலுகை டிக்கெட் எடுத்துவிட்டு வித்தியாசத்தைக் கட்டி ஏசிக்கு மாறவும் விதி இடம் தராது. அதனால் எந்த வகுப்பு என்பதைக் கவுண்டருக்குப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். துணைக்கு வருபவருக்கான சலுகை நோயாளியோடு பயணிப்பதற்குத்தான். அம்மா வார்டில் இருக்கும்போது மகன் மட்டும் ஊருக்குப் போய் வந்தால் முழுக் கட்டணம்.

இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கேட்பதுண்டு. இதயம் என்றால் அறுவை சிகிச்சைக்கான பயணம், சிறுநீரகம் என்றால் மாற்று அறுவை சிகிச்சை அல்லது டயாலிசிஸ். அவர்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம்.

சரி, அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். நான்காவது சுற்றுக்கு ஊரில் போய் டிக்கெட் எடுக்கலாம் என்றிருந்தவரிடம், முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், எந்த ஊர் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் எடுக்கலாம், கீமோ தேதி தெரிந்த அன்றே எழும்பூரில் எடுத்துவிடுங்கள் என்றேன். தாமதித்தால் வெயிட்டிங் லிஸ்ட், அப்புறம் தட்கல், அதோடு சலுகையும் போய்விடும். ஊர் திரும்பும் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்றேன். ரத்த அணுக்கள் குறைந்திருந்தால் கீமோ ஒரு வாரம் தள்ளிப்போகும். அன்று மதியம் அவர் படிவத்தோடு எழும்பூர் போனார். படிவத்தில் வயதை எழுத விட்டுப்போயிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை ஓபிடி திறக்கும் முன்பே வந்து நின்றார், நிரப்பிக் கொடுத்தோம், பதினொரு மணிக்கு டிக்கெட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.