கூரை ஓரத்தில் ஒரு பொய்க் கோடு

கட்டடக்கலை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேரில் செய்த ரெண்டர் படம், அகலம் 3840 பிக்சல். கண்காட்சிக்கு ஏ1 போர்டில் 30 அங்குல அகலத்துக்கு அச்சடிக்கணும். 300 டிபிஐ வேணும்னு கடையில் சொல்றாங்க. ஒரு படத்துக்கே 4 மணி நேரம் ஆச்சு, என்ன செய்வது?"

முதலில் அந்த 300, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. நம்ம ஊரில் அது ராகுகாலம் மாதிரி ஆகிவிட்டது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவு வரைக்கும்தான் பிரித்துப் பார்க்க முடியும். கையில் பிடித்துப் படிக்கும் 30 செ.மீ. தூரத்தில் அது அங்குலத்துக்குச் சுமார் 290 புள்ளி. 300 என்ற எண்ணுக்கு அங்கேதான் நியாயம். போர்டை ஜனங்கள் 60 செ.மீ. தள்ளி நின்று பார்த்தால் 146 போதும், ஒரு மீட்டர் என்றால் 87. ஆக 150 என்று வைத்துக்கொண்டால் 4500 பிக்சல் அகலம். பிக்சல் எண்ணிக்கையோடுதான் நேரமும் ஏறும் என்பதால் 4 மணி நேரம் ஐந்தரை ஆகும். 300 வைத்தால் 22 மணி நேரம்! சாஃப்ட்வேரில் பிக்சலைத் தொடாமல் டிபிஐ எண்ணை மட்டும் 300 என்று மாற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. அதனால் படத்தில் ஒரு மாற்றமும் வராது. எழுத்துகளை மட்டும் ரெண்டருக்குள் கலக்காமல் பிடிஎஃப்பில் எழுத்தாகவே வையுங்கள், கிட்டப் போய் படிப்பார்கள்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. திரை ஒளியை உமிழ்கிறது, தாள் மண்டபத்து விளக்கைத்தான் திருப்பித் தருகிறது. அதனால் நிழல் பகுதிகள் அப்பிக்கொண்டு கருப்பாகிவிடும். நீச்சல்குளத்தின் பளீர் நீலம் மையின் எல்லைக்கு வெளியே இருப்பதால் மங்கிவிடும். அந்தத் தாளிலும் மெஷினிலும் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் ஐசிசி புரொஃபைல் கோப்பைக் கடையிலிருந்து வாங்கி, அச்சில் வரப்போவதைத் திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் போட்டுப் பார்த்துத் திருத்துங்கள். பெரிய இங்க்ஜெட் மெஷின்கள் பெரும்பாலும் திரையின் நிறக் கணக்கான ஆர்ஜிபியில் உள்ள கோப்பையே எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் கேட்காமல் நீங்களாக மையின் நிறக் கணக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்ற வேண்டாம், sRGB புரொஃபைலைக் கோப்பில் பதித்துக் கொடுத்தால் போதும்.

இப்போது எனக்குப் பிடித்த இடம், கூர்மை. தாளில் மை கொஞ்சம் பரவும், அதனால் திரையில் சிக்கென்று இருந்த கூரை ஓரம் அச்சில் கொழகொழவென்று ஆகும். இதற்கு மருந்து அன்ஷார்ப் மாஸ்க். கூர்மையாக்கும் கருவிக்கு 'கூர்மையற்ற' என்று பெயர் வந்த கதை இருட்டறையில் இருக்கிறது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்து அச்சிடுவார்கள். கணினியும் அதையேதான் செய்கிறது: படத்திலிருந்து அதன் மங்கல் நகலைக் கழித்தால் சமதளமான இடமெல்லாம் அடிபட்டுப் போய் ஓரங்கள் மட்டும் மிஞ்சும், அதைத் திரும்பப் படத்தோடு கூட்டிவிட்டால் ஓரத்தின் வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாகவும் இருட்டுப் பக்கம் இன்னும் இருட்டாகவும் ஆகும்.

இதில் அழகு என்னவென்றால், நம் கண்ணே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் மாறும் ஓரங்களில் இல்லாத பட்டைகள் தெரிவதை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865லேயே எழுதினார். ஒளி பட்ட நரம்புச் செல், பக்கத்துச் செல்லை அடக்குகிறது. ஓரத்தின் வெளிச்சப் பக்கத்தில் இருக்கும் செல்லுக்கு ஒரு பக்கத்து அண்டை வீட்டார் இருட்டில் சும்மா இருப்பதால் அடக்குமுறை குறைவு, அது கூடுதலாகக் கத்தும். இருட்டுப் பக்கத்துச் செல்லுக்கு நேர்மாறு. இந்தப் பக்கவாட்டு அடக்குதலைக் குதிரைலாட நண்டின் கண்ணில் அளந்து காட்டிய அமெரிக்க விஞ்ஞானி ஹார்ட்லைன், 1967 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நண்டுக் கண்ணை ஆராயப் பணம் எதற்கு என்று இன்றைய நிதிக் குழு ஒன்று கேட்டிருக்கும் என்பது என் வயிற்றெரிச்சல்.

ஆக, கூர்மையாக்கும்போது ஓரத்தில் விழும் அந்த வெளிச்ச, இருட்டு விளிம்புக் கோடு கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். 150 டிபிஐயில் ஒரு பிக்சல் 0.17 மி.மீ., அது 60 செ.மீ. தூரத்தில் கண்ணின் எல்லையேதான். அதனால் கோட்டின் அகலத்தைத் தீர்மானிக்கும் ரேடியஸ் 1, அதன் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் அமவுண்ட் 120 சதவீதம் என்ற அளவில் ஆரம்பியுங்கள். ரேடியஸ் 4 வைத்தால் கூரைக்கும் வானத்துக்கும் நடுவே சாக்பீஸில் இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு வரும். ரேடியஸ் பிக்சல் கணக்கு என்பதால், கடைசி அளவுக்கு மாற்றிய பிறகுதான் கூர்மையாக்க வேண்டும். முன்பே செய்துவிட்டுப் பெரிதாக்கினால் கோடும் சேர்ந்து தடிக்கும். திரையில் 100 சதவீதத்தில் பார்க்கும்போது கொஞ்சம் மொறுமொறுப்பாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், மை பரவி அதைத் தணித்துவிடும்.

எவ்வளவு தணிக்கும் என்பது தாளைப் பொறுத்தது, மேட் தாளில் அதிகம். அதனால் கூரையும் வானமும் சேரும் இடத்தை மட்டும் ஏ4 அளவுக்கு வெட்டி, அளவு மாற்றாமல் அதே தாளில் அச்சடித்து, சுவரில் ஒட்டி, 60 செ.மீ. தள்ளி நில்லுங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் ரேடியஸைக் குறையுங்கள், ஓரம் மந்தமாக இருந்தால் அமவுண்ட்டை ஏற்றுங்கள்.